இல்லாத நாண்

ரஞ்சிதா வரைந்த படம் புத்தகத்துப் படத்தைவிடத் தெளிவாக இருக்கும் என்று ஹாஸ்டலில் பேச்சு. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள், தசைநாணுக்கு வெள்ளை. முழங்கையில் தொடங்கினால் மணிக்கட்டு வரை பென்சிலை எடுக்க மாட்டாள். முதலாமாண்டு மாணவர்களில் பாதிப் பேர் அவள் படத்தை போனில் பிடித்து வைத்திருந்தார்கள்.

அன்று ஸ்டீல் தட்டில் கிடந்த கைக்கு நிறமே இல்லை. போன வருடத்து மாணவர்கள் பிரித்து வைத்த முன்னங்கை. ஃபார்மலின் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். தோல் இல்லை. சதையெல்லாம் ஒரே பழுப்பு, ஊறிய புளியின் பழுப்பு. கண் எரிந்தது. எரிச்சலில் வந்த கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு எல்லோரும் தட்டைச் சுற்றி நின்றார்கள்.

உடற்கூறியல் டாக்டர் செல்வராணி, மணிக்கட்டின் நடுவே ஓடிய ஒரு வெளிர் கயிற்றை இடுக்கியால் தொட்டார்.

"இது என்ன? ரஞ்சிதா, நீ சொல்லு."

"பால்மாரிஸ் லாங்கஸ், மேடம். டெண்டன், தசைநாண்."

"எதை வச்சுச் சொல்ற?"

"மணிக்கட்டுக்கு நடுவுல இருக்கு மேடம். எல்லாத்துக்கும் மேலாக்க இருக்கு. படத்துல அங்கதான் இருக்கும்."

"படத்துல இருக்கும். இந்தக் கையில அது கிடையாது. பொறக்கும்போதே கிடையாது. நீ காட்டுறது மீடியன் நெர்வ், நரம்பு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். செல்வராணி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது.

"இப்ப உன் கையில கத்தி இருந்திருந்தா இதை வெட்டி ஓரமாத் தள்ளியிருப்ப. டெண்டன்தானே, அதுவும் தேவையில்லாத டெண்டன்தானேன்னு."

ரஞ்சிதா தட்டையே பார்த்தாள். மஞ்சளாக இருக்க வேண்டியது அழுக்கு வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியதும் அதே அழுக்கு வெள்ளைதான்.

செல்வராணி எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்க வேண்டும். அந்த நாண் இருப்பவர்களுக்கு மணிக்கட்டின் நடுவில் தோலுக்கு அடியில் கம்பி மாதிரி எழும்பும். சிலருக்கு எழும்பாது. இல்லாவிட்டாலும் கை வேலை செய்வதில் குறை ஒன்றும் இல்லை.

"எனக்கு ரெண்டு கையிலயும் இருக்கு," என்றான் பக்கத்தில் நின்ற அரவிந்த்குமார். "தேவையில்லாததுன்னா எனக்குன்னு எடுத்து வச்சுருவாங்க போல."

ரஞ்சிதாவுக்கும் இருந்தது. அரும்பாவூர்க்காரி ஒருத்திக்கு இடது கையில் இல்லை. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"திங்கக்கிழமை அறுக்குற மேசைக்குப் போறோம்," என்றார் செல்வராணி. "அதுக்குள்ள எது நெர்வ், எது டெண்டன்னு தொட்டுச் சொல்லணும். முடியாதவங்க பின் வரிசையில நின்னு பாருங்க. மேசையில இருக்கிறவர் இந்த வருசம் முழுக்க உங்களுக்கு ஒருத்தர்தான். அறுத்ததை மறுபடி ஒட்ட முடியாது."

ரஞ்சிதாவால் பின் வரிசைக்குப் போக முடியாது. அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் வசந்தின் வலது கை.

விராலிமலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன் வசந்த். மூன்று வருடத்துக்கு முன்னால் லோடு இறக்கும்போது ஒரு கண்ணாடி சரிந்து மணிக்கட்டை அறுத்துவிட்டது. பக்கத்து டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். காயம் ஆறியது. விரல்கள் மடங்கின. ஆனால் கட்டை விரல் மற்ற விரல்களின் எதிரே வந்து நிற்கவில்லை. அதன் அடிச்சதை கரைந்து பள்ளமாகிவிட்டது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் சூடு தெரியாது, குளிர் தெரியாது. இப்போது அதே கடையில் இடது கையால் அளவு எழுதுகிறான்.

அவள் மருத்துவம் படிக்க வந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் அவன் கேட்டது ஒன்றுதான். எதனால இப்படி ஆச்சு, இனிமே சரியாகுமா. இன்னும் அந்தப் பாடம் வரவில்லை என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொல்லிவந்தாள்.

வகுப்பு முடிந்த பிறகும் அவளும் அரவிந்த்குமாரும் தட்டோடு இருந்தார்கள். அவன் காட்டுவான், அவள் சொல்வாள். முதலில் எல்லாம் தப்பு. தட்டையாக ஒட்டிக் கிடந்த சிரையைச் சவ்வு என்றாள். தமனியை நரம்பு என்றாள்.

"கண்ண மூடிக்க," என்றான் அவன். "நீ பாக்கும்போது படத்தைத்தான் பாக்குற."

மூடிக்கொண்டாள். கையுறைக்குள் விரல் நுனி மெல்லக் கற்றுக்கொண்டது. தமனியை அழுத்தினால் ரப்பர் குழாய் போல அமுங்கி மறுபடி எழுந்தது. சிரைக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. நாண் வழவழவென்று, கடினமாக, கொஞ்சம் பட்டையாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் பளபளத்தது. நரம்பு உருண்டது. உள்ளே ஓட்டை இல்லை, பளபளப்பும் இல்லை. நீளவாக்கில் மெல்லிய கோடுகள், முறுக்காமல் சேர்த்துப் பிடித்த நூல்கட்டு மாதிரி.

அதிலும் சந்தேகம் வந்தால் ஒரே வழிதான். பிடித்ததை விடாமல் மேல்நோக்கிப் போக வேண்டும். நாண் கொஞ்ச தூரத்தில் சதையாகிவிடும். நரம்பு சதையாகாது. சதைகளுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கையில் அவள் தப்பாகச் சொன்ன கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். அது சதையாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவில் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனாள். வசந்த் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டாக்டர்," என்றான். "என்ன ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"மருந்து வாடைண்ணே. குளிச்சாலும் போகாது."

"பொணத்தைத் தொட்டியா?"

"கையை மட்டுந்தான். நாளைக்குத்தான் ஆளு."

அம்மா அழகி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "சாப்புடுற நேரத்துல அந்தப் பேச்சை எடுக்காதீங்க ரெண்டு பேரும்."

சாப்பிட்ட பிறகு ரஞ்சிதா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கையைக் காட்டுண்ணே. நாளைக்கு எனக்குப் பரிச்ச மாதிரி. தொட்டுப் பழகணும்."

அவன் வலது கையை நீட்டினான்.

"அது இல்ல. மொதல்ல இடது."

"அது நல்லாத்தானே இருக்கு."

"அதனாலதான். கட்டை வெரலையும் சுண்டு வெரலையும் சேத்து வச்சு மடக்கு."

அவன் மடக்கினான். அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். விரலால் தடவினாள். இன்னும் அழுத்தி மடக்கச் சொன்னாள். நடுவில் எதுவும் எழும்பவில்லை. இரண்டு ஓரத்து நாண்களும் தெரிந்தன. இடையில் சமதளம்.

"என்னடி?"

"ஒன்னுமில்ல. இங்க ஒரு டெண்டன் இருக்கணும். ஒனக்கு இல்ல. பல பேருக்கு இருக்காது. இல்லாட்டியும் ஒன்னும் ஆகாது."

வசந்த் சிரித்தான். "அதைத்தான் அன்னைக்கு அந்த டாக்டரும் சொன்னாரு."

"எப்ப?"

"ஆப்பரேசன் பண்ணும்போது. அக்குள்ல ஊசி போட்டுக் கைதான் மரத்துப்போச்சு, காது மரக்கலையே. வெட்டுப்பட்டதை ஒவ்வொன்னாத் தேடித் தேடித் தச்சுக்கிட்டு இருந்தாரு. நடுவுல இருந்த ஒன்னைப் பாத்து, 'இது தேவையில்லாத டெண்டன், விட்ரலாம்'னாரு நர்சுகிட்ட. அப்புறம் தோலைத் தச்சுட்டாங்க."

ரஞ்சிதா அவன் வலது கையை எடுத்தாள். குறுக்கே ஓடிய தழும்பின் மேல் விரலை வைத்தாள். கட்டை விரலின் அடியில் இருந்த பள்ளத்தைத் தொட்டாள்.

"அந்த டெண்டன் இதுல இருந்துச்சா?" என்று அவன் கேட்டான். "இதுலயும் இல்லையா, இதுல மட்டும் இருந்துச்சா?"

"தெரியலண்ணே. ஒரு கையில இல்லாம ஒரு கையில இருக்கவும் செய்யலாம்."

"இல்லாட்டி அவரு எதை விட்டாரு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டான்.

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லு," என்றான்.

திங்கட்கிழமை மேசையில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். முகத்தில் ஈரத் துணி. மாணவர்கள் நின்று தலை குனிந்தார்கள். பிறகு செல்வராணி முந்தைய கையைத் தட்டில் வைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். ரஞ்சிதா கண்ணைத் திறந்தே தொட்டாள். ஒன்றும் தப்பவில்லை.

"போ. முன்னங்கை ஒனக்கு," என்றார் செல்வராணி.

கத்தியைத் தோலுக்கு மட்டும் பயன்படுத்தினாள். அடியில் கத்தரிக்கோலை மூடியபடி நுழைத்து, மெல்ல விரித்து, கொழுப்பை ஒதுக்கினாள். வெட்டுவதைவிட ஒதுக்குவதுதான் வேலை. மணிக்கட்டின் நடுவில் ஒரு வெள்ளை நாடா வந்தது. பேரைச் சொல்லாமல் பிடித்துக்கொண்டு மேலே போனாள். சதையானது. இவருக்கு அந்த நாண் இருந்தது. அதை ஒதுக்கியதும், சற்று அடியில், கொஞ்சம் கட்டை விரல் பக்கமாக, கட்டை விரலுக்கு உணர்ச்சியும் அசைவும் தரும் நரம்பு கிடந்தது. பென்சில் கனம்கூட இல்லை. அரவிந்த்குமார் குனிந்து பார்த்தான்.

"படத்துல இதைவிடப் பெரிசா போட்டிருந்த," என்றான்.

"ஆமா."

இரண்டையும் அக்கம்பக்கமாக இடுக்கியால் தூக்கிப் பிடித்தாள். வெட்டுப்பட்டு, ரத்தத்தில், அவசரத்தில், நுனி மட்டும் தெரிந்தால் யாருக்கும் தப்பும். தனக்கு முதல் நாள் தப்பியது. அந்த டாக்டர் மேல் கோபப்பட முயன்றாள். கோபம் பாதியில் நின்றுவிட்டது.

கை கழுவும் இடத்தில் செல்வராணியிடம் கேட்டாள். "மேடம், மணிக்கட்டுல இது அறுந்து, தைக்காம மூணு வருசம் ஆயிருச்சுன்னா?"

செல்வராணி குழாயை மூடினார். "யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"கட்டை வெரல் சதை கரைஞ்சிருச்சா?"

"பள்ளமா இருக்கு மேடம்."

"இப்ப நரம்பைச் சேத்தா உணர்ச்சி கொஞ்சம் வரலாம். அதுவும் நிச்சயமில்ல. அந்தச் சதை திரும்ப வராது. வேற வெரலோட டெண்டனை எடுத்து மாத்தி வச்சு, கட்டை வெரலை ஓரளவு எதிர்ல கொண்டுவருவாங்க. பழைய கை கெடைக்காது. கூட்டிட்டு வா, கை ஆப்பரேசன் பண்றவங்கட்ட காட்டலாம்."

சாயங்காலம் வசந்தே போன் செய்தான். ஹாஸ்டல் மாடிப்படியில் நின்று எடுத்தாள்.

"கத்தி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கண்ணே."

"பாத்தியா அதை?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"வெள்ளையா. அது நரம்புண்ணே, ஆனா டெண்டன் மாதிரியேதான் இருக்கு. தொட்டாத்தான் தெரியும். இல்லாட்டி மேல போய்ப் பாக்கணும்."

கடையில் யாரோ கண்ணாடியை அறுக்கும் சத்தம் போனில் கேட்டது. கீறும் சத்தம், பிறகு ஒரு தட்டு, பிறகு பிளக்கும் சத்தம்.

"அன்னைக்கு அவரு விட்டது அந்த நரம்பாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றாள். "பழைய மாதிரி ஆகாதுண்ணே. மேடம் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கட்டை வெரலை மட்டும் கொஞ்சம் மாத்தி வைக்கலாமாம்."

அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி பிளந்தது.

"அவரு நல்லாத் தேடித் தேடித்தான் தச்சாரு," என்றான் வசந்த். "நான் கேட்டுக்கிட்டேதானே படுத்திருந்தேன்."

"ம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது என்னா டாக்டர்னு."

"கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாருண்ணே."

"ஆமா," என்றான். "சாப்டியா?"

"இனிமேதான்."

"கையை நல்லாக் கழுவிட்டுச் சாப்புடு," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் மெஸ்ஸுக்குப் போனாள். சோற்றைப் பிசைந்தாள். கட்டை விரல் மற்ற விரல்களின் எதிரே வந்து, உருண்டையைத் திரட்டியது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அரவிந்த்குமார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சோறு கையிலேயே காய்ந்தது.