குளிரோடே வடிகட்ட வேண்டும்

கடைக்காரர் திருப்பி அனுப்பிய பெட்டியைப் பிரித்தேன். குளிரில் கிடந்து வந்த, நாங்கள் தயாரித்த சென்ட் பாட்டில்கள் அத்தனையும் பால் சிந்திய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தன.

காலையில் அவர் போனில் கத்தியதுமே நான் நாத்தனாரிடம்தான் பாய்ந்தேன். கலவை அவள் பொறுப்பு. "கண்ணை எங்க வெச்சிருந்த? தண்ணிய அளவுக்கு மீறி ஊத்தியிருக்க." அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது ஒரு பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. மணிக்கட்டில் தடவி முகர்ந்தேன். மணத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் வாசனை எண்ணெயில் இருக்கும் மெழுகுதான் குளிரில் கரையாமல் வெளியே வந்திருக்கிறது. அதைப் பிடிக்கத்தானே பாட்டிலில் அடைக்கும் முன் தொட்டியைக் குளிரவைத்து, அந்தக் குளிரோடே வடிகட்டுகிறோம்? வடிகட்டுவது என் கணவர்.

"குளிர வெச்சீங்களா?"

"வெச்சேன். ஃபில்டர் அடைச்சுக்கிட்டு சொட்டு சொட்டாத்தான் இறங்குச்சு. அதான் குளிரை நிறுத்தி, சூடு ஏறினப்புறம் விட்டேன். சரசரன்னு இறங்கிடுச்சு."

"இறங்காம என்ன செய்யும்? மெழுகு திரும்பக் கரைஞ்சு அதோடவே போயிடுச்சு."

"தெரியும்," என்றார் மெதுவாக. "நீ போன் பேசினப்பவே புரிஞ்சுடுச்சு. மணம் கெடலயே. திரும்பக் குளிர வெச்சு வடிச்சா சரியாயிடும்."

"உங்க தங்கச்சிய நான் திட்டினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

அவர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, ஈரமான லேபிளைத் துடைக்க ஆரம்பித்தார்.