இசை எடுத்த இடம்

படம் வெளியான ஒன்பதாம் நாள் காலை ஷாமிலாவுக்கு யூடியூப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பதினொன்றாவது நிமிடத்திலிருந்து பதினான்கு வரை ஓடும் பின்னணி இசை வேறொரு நிறுவனத்துக்கு உரியது; உரிமையாளரின் விருப்பப்படி இந்தக் காணொளி எல்லா நாடுகளிலும் தடுக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது.

அவள் இலங்கை மலையகத்தின் ஹட்டனில், அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் முனாப்பின் ஸ்டூடியோவில் எடிட்டர். ஏழு வருடமாகக் கல்யாண வீடியோவும் பூப்புனித நீராட்டு விழா வீடியோவும் வெட்டி ஒட்டுகிறாள். இந்தப் படம் மட்டும் அவளுடையது. பத்தொன்பது நிமிடம். போன அக்டோபரில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. அதில் இறந்துபோனவள் மீனம்மா, ஷாமிலாவின் அம்மா. அந்த மலைக்கு ஏறக்கூடியது தோட்டத்து லொறி ஒன்றுதான். அது வரவேயில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டுக் கம்பளியில் போட்டு மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

லொறி ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது, கொழுந்து பறிப்பை மேற்பார்வை செய்யும் வெளிக்கள உத்தியோகத்தர் விஜிதரன் ஒரே பதிலைச் சொன்னார். "நான் அந்த நிமிஷமே டிரைவருக்குப் போன் எடுத்தேன். வண்டி ஹட்டன்ல ரிப்பேர்ல நின்னுச்சு. என்ன செய்ய?" டிரைவர் பொன்னையாவும் அதையே சொன்னார். ஷாமிலாவின் கேமராவுக்கு முன்னாலும் சொல்லி அழுதார். விசாரணை அத்தோடு முடிந்தது. விஜிதரன் எதையோ மறைக்கிறார் என்றே ஷாமிலாவுக்குப் பட்டது; அதைத்தான் அவள் படம் சொன்னது.

மின்னஞ்சல் வந்த அன்று பகலே விஜிதரன் தன் பேஸ்புக்கில் ஒரு படம் போட்டார். 'இந்த வீடியோ கிடைக்கவில்லை' என்ற கறுப்புத் திரை. மேலே ஒரு வரி: 'பொய்க்கு ஆயுள் ஒன்பது நாள்.' தோட்டத்து அலுவலகத்துக்காரர்கள் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள்.

ஷாமிலா அந்த வரியைப் போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

"அழிச்சுருங்க புள்ள, பாக்கப் பாக்க எரியும்" என்றார் முனாப்.

"எரியட்டும் நானா. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

முனாப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிர்ப்புத் தெரிவிக்கலாம், ஆனால் இசை உண்மையிலேயே மற்றவனுடையது. ஒரு சினிமாவின் புல்லாங்குழல் துண்டு. கல்யாண வீடியோவுக்குப் போட்டுப் பழகிய கையோடு அவள் இதற்கும் போட்டிருந்தாள். பொய்யாக எதிர்த்தால் சேனலுக்கே ஆபத்து. யூடியூப்பிலேயே பாட்டை மட்டும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இசையோடு மழைச் சத்தமும் போயிற்று. பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று.

"சுருதியக் கொஞ்சம் ஏத்தி வேகத்தக் கூட்டிப் போட்டா?"

"அதையும் கண்டுபிடிச்சுரும். கண்டுபிடிக்காட்டியும் களவு களவுதான்" என்றார் முனாப். "அந்த ஆளக் கள்ளன்னு சொல்ற படத்துல நாம களவெடுத்த சாமான் இருக்கக்கூடாது."

அந்த வார்த்தை அவளுக்குச் சுட்டது. இலவச இசைத் தொகுப்புகளில் இரண்டு நாள் தேடினாள். கிடைத்த பியானோ எல்லாம் ஏதோ வெளிநாட்டு ஜன்னலில் பெய்யும் மழைபோல இருந்தது. ஒன்றை வைத்துப் பார்த்தாள். அம்மாவைத் தூக்கிப்போகும் காட்சி விளம்பரம்போல ஆகிவிட்டது. எங்கே படம் மாறவேண்டுமோ அங்கே இசை மாறவில்லை. இசை மாறும் இடத்தில் படம் சும்மா நின்றது.

மூன்றாம் நாள் மதுரனைக் கூப்பிட்டாள். அவர் தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பவர். கல்யாண வீடுகளுக்கும் போவார். நாற்பது வயது. அதிகம் பேசமாட்டார்.

"அந்தப் பழைய இசை மாதிரியே ஒண்ணு வாசிச்சுத் தாங்க" என்றாள் ஷாமிலா.

"மாதிரின்னா அந்த மெட்டு வேணாம்ங்க. மெட்ட எடுத்தா நான் வாசிச்சாலும் அது அவங்களோடதுதான். அந்த இசை என்ன வேல செஞ்சுச்சுன்னு பாப்போம். அந்த வேலய வேற ஒண்ணு செய்யட்டும்."

முதலில் பழைய இசையோடு ஒருமுறை பார்த்தார். பேனாவால் மேசையில் தட்டினார். நிமிடத்துக்கு அறுபது தட்டு. நாலு தட்டுக்கு ஒருமுறை ஷாமிலா படத்தை வெட்டியிருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் ஐம்பதாவது வினாடியில் குழல் உச்சத்துக்குப் போனது. அதன் பிறகு பொன்னையாவின் அழுகை. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"இப்ப இசைய எடுத்துட்டு ஓட்டுங்க. அடியில என்ன சத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியணும். அதோட சண்ட போடாம வாசிக்கணும்ல."

ஷாமிலாவின் கை மவுஸில் நின்றது. பொன்னையாவின் அழுகை வரும்வரை உள்ள பகுதி முழுக்க அம்மாவோடு வேலை செய்த வினோதா அன்று போனில் எடுத்தது. அதில் அம்மா முனகுவது கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல்தான் அவள் அதை அடிமட்டத்துக்கு இறக்கி, மேலே குழலைப் பெரிதாக வைத்தாள். முழுதாக ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

"நீங்க கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

தெருவில் பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. அவள் ஒரு பிளேன்டீ வாங்கி, அது ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தாள். முனாப் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். அவர் முகம் மாறியிருந்தது.

மதுரன் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார். "இதுல ஒரு ஆம்பளக் குரல் இருக்குங்க. போன்ல பேசுறாரு. வினோதாவுக்குப் பக்கத்துல வந்து நின்னிருக்காரு, படத்துல விழல. நீங்க அந்தக் குரல மட்டும் கேளுங்க. அதுக்கு முன்னாடி உள்ளத நான் ஓட்ட மாட்டேன்."

சத்தத்தைக் கூட்டினார். காற்று. பெண்களின் கூச்சல். அதற்கு நடுவே, மிகப் பக்கத்தில், அவசரமே இல்லாத ஒரு குரல்.

"பொன்னையா... ஆமா, குளவிதான். கொட்டிருக்கு. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. அக்கா வீட்டுல கதிரையெல்லாம் எறக்கி முடிச்சுட்டே வா. யாராச்சும் கேட்டா வண்டி ஹட்டன்ல ரிப்பேர்னு சொல்லு, சரியா?"

விஜிதரன்.

தோட்டத்து லொறி அவருடைய அக்கா வீட்டுக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தது. ஷாமிலா மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை கேட்கும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து முனாப் கதவைச் சாத்தினார். நாலு மாதமாக அந்தக் குரல் அவள் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது. அவளே அதன்மேல் குழலை ஊற்றி மூடியிருக்கிறாள். நாற்பத்தோராயிரம் பேர் அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள். ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"அவன் குரல் வர்ற எடத்துல பயங்கரமா ஒண்ணு போடுங்க" என்றாள் மதுரனிடம். "பறை, உறுமி, என்ன வேணும்னாலும். பாக்குறவனுக்கு அவன அடிக்கணும்னு தோணணும்."

மதுரன் மறுநாள் அப்படியே செய்து கொண்டுவந்தார். ஓட்டியபோது ஷாமிலாவுக்குப் பிடித்திருந்தது. முனாப் தலையாட்டவில்லை.

"டீவி நாடகம் மாதிரி இருக்கு புள்ள. சனம் மேளத்தத்தான் கேக்கும். அந்த ஆளும் அதத்தான் சொல்லுவாரு, மேளம் அடிச்சு என்னக் கெட்டவனாக் காட்டிட்டாங்கன்னு. அவருக்கு நீங்க ஏன் வழி விடுறீங்க?"

அவள் மீண்டும் ஓட்டிப் பார்த்தாள். முனாப் சொன்னது சரி. விஜிதரன் தப்பிப்பதற்கு அந்த மேளம் ஒரு வாசலாக இருந்தது.

"அப்ப வேற மாதிரி செய்வோம்" என்றார் மதுரன், தாளை விரித்து. "உங்க வெட்டு எதையும் தொட வேணாம். அதே அறுபது தட்டு. கீழ் சுருதியில ஒரே இழுப்பா ஹார்மோனியம், மூச்சு விடுற மாதிரி. நாலு தட்டுக்கு ஒருக்கா ஒரு சின்ன அசைவு. தூக்கிட்டுப் போற எடத்துல கொஞ்சங்கொஞ்சமா ஏறும். சனம் பழையபடி நெஞ்சு கனத்துப்போய் நிக்கும். பழைய இசை உச்சத்துக்குப் போன எடத்துல நாம நிறுத்திருவோம். சுத்தமா. அந்தச் சத்தமில்லாத எடத்துல அவரு பேசட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பொன்னையாண்ணன் அழுவுறாரு. அங்க திரும்ப மெதுவா ஆரம்பிக்கலாம்."

"வேணாம்" என்றாள் ஷாமிலா. "அவருக்கு இசை கெடையாது."

மதுரன் நிமிர்ந்தார். "அவரு பாவம்ங்க. சொன்னதச் செஞ்ச மனுசன். அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாம விட்டா, அவரு பொய் சொல்றது அப்பிடியே நிக்கும். நாப்பது செக்கன்."

"நிக்கட்டும். நான் போட்ட குழலாலதான அவரு அழுகைய எல்லாரும் நம்புனாங்க? எடுத்துட்டேன்."

மதுரன் தாளில் அந்த நாற்பது வினாடியை அடித்துவிட்டார். இரண்டு நாளில் ஹார்மோனியத்தைத் தேவாலயத்து உள்ளறையில் பதிந்து தந்தார். தன் பெயரில் இது தன் சொந்த இசை, ஷாமிலா பயன்படுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். குரலுக்குக் கீழே எழுத்தில் வசனம் போட்டாள். வினோதாவின் போனிலிருந்த மூலப்பதிவைத் திருத்தாமல் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முனாப்பின் அலுமாரியில் பூட்டினாள்.

போன படத்தின் அதே இணைப்பில் புதிய கோப்பை வைக்க முடியாது. பார்த்தவர்களின் எண்ணிக்கையும் கருத்துகளும் போய்விடும். போகட்டும் என்று புதிதாக ஏற்றினாள். முதலில் யாருக்கும் தெரியாதபடி வைத்து, இசைப் பரிசோதனை முடியும்வரை அவளும் முனாப்பும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சிக்கல் எதுவும் இல்லை' என்று வந்தது.

சனிக்கிழமை பகல் மூன்று மணி. அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் லயத்து வீடுகளில் இருக்கும் நேரம். வெளியிட்டாள். விஜிதரனின் 'ஆயுள் ஒன்பது நாள்' பதிவுக்குக் கீழே போய் இணைப்பை மட்டும் ஒட்டினாள். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஆறு மணிக்குள் அவர் அந்தப் பதிவை அழித்துவிட்டார். ஏழு மணிக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அது வெட்டி ஒட்டுனது. நான் பொலிசுக்குப் போவேன்."

"போங்க. முழுசும் இருக்கு. நானே கொண்டாந்து குடுக்குறேன்."

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"நீங்க பேசுனத நீங்களே கேக்கணும். எந்த லயத்துப் பக்கம் போனாலும் கேக்கணும்."

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையை எடுக்க மறுத்து நின்றார்கள். விஜிதரன் வந்தபோது யாரும் கத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு போன்களில் அந்த இடத்தை மட்டும் ஓட்டினார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே குரல்: கதிரையெல்லாம் எறக்கி முடிச்சுட்டே வா. அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார் என்று வினோதா சொன்னாள். புதன்கிழமை நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. விசாரணை மறுபடி தொடங்கியது. பொலிஸ் மூலப்பதிவை வாங்கிப் போனது.

வெள்ளிக்கிழமை பொன்னையா ஸ்டூடியோவுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா. வீட்டுல சோறு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிர்றாங்க. மக மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டேங்குறா."

"நீங்க எனக்குச் சொன்னீங்களா மாமா? எங்கம்மா பொணத்தத் தூக்க வந்தீங்க. முன்னாடி நின்னு தூக்குனீங்க."

அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பத்து நிமிஷ தூரம்மா. ஒம்பது கதிரதான் பாக்கி இருந்துச்சு." சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்தினார்.

ஷாமிலா அவரைப் பார்த்தபடியே இருந்தாள். இரக்கம் வருமா என்று தனக்குள் தேடினாள். வரவில்லை. அதில் அவளுக்கு வெட்கமும் வரவில்லை.

"இதையே பொலிசுல சொல்லுங்க. ஒம்பது கதிரன்னு."

"சொன்னா அந்த எடத்த எடுத்துருவியா? நான் அழுவுற எடத்த?"

"இல்ல மாமா. அது இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார், அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தவர்போல. குடையை விரித்துக்கொண்டு பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கமாகவே நடந்தார். முனாப் ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போனார். ஷாமிலா கணினியின் பக்கம் திரும்பி, அன்று மாலைக்குள் கொடுக்கவேண்டிய ஒரு கல்யாண வீடியோவைத் திறந்தாள்.