அர்ச்சுனன் அண்ணனின் நான்கு நிமிடம்

அர்ச்சுனன் அண்ணனை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் மேசை மேலிருந்த தே தாரேக் தேநீர் கொட்டிவிட்டது. துடைக்கவில்லை.

நாங்கள் ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற கம்பெனி. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அர்ச்சுனன் அண்ணன் தினமும் காலையில் சிலிபினில் ஆளேற்றி, லகாட் வழியாக நெடுஞ்சாலை பிடித்து, தஞ்சோங் மாலிமுக்குப் பக்கத்தில் இருக்கிற உதிரிபாகத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவார். பதினொரு வருடமாக ஒரு போக்குவரத்து சம்மன் கூட வாங்காத மனுஷர். இந்த ஒரு மாதமாக மட்டும் தினமும் தாமதம்.

ஏன் தாமதம் என்பது எனக்குத் தெரியும். போன மாதம் புது பஸ்கள் வந்தன. பழைய பஸ் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கதவு, ஜன்னல் எல்லாம் ஆடும், அதனால் நெடுஞ்சாலையில் எழுபத்திரண்டிலேயே போகும். புதுசு தொண்ணூறில் சொகுசாகப் போகும். அதற்கு மேல் போகாது, ஸ்பீட் லிமிட்டர் விடாது. எங்கள் மேனேஜர் ரஜீவ் உடனே தொழிற்சாலைக்காரர்களிடம் போய், "வேகம் இருபத்தஞ்சு சதவீதம் கூடிருச்சு, நேரம் இருபத்தஞ்சு சதவீதம் குறையும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பழைய பஸ்ஸில் நெடுஞ்சாலைப் பகுதிக்கு எண்பது நிமிடம் ஆகும், அதில் கால்வாசி இருபது. ஆகவே ஏழு மணிக்குக் கிளம்பிய பஸ் இனிமேல் ஏழு இருபதுக்குக் கிளம்பினால் போதும். தொழிலாளர்கள் கைதட்டினார்கள். இருபது நிமிடத் தூக்கம் யாருக்குக் கசக்கும்?

நான் அன்று விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது அட்டவணை அச்சாகிச் சுவரில் தொங்கியது. அன்றைக்கே சொன்னேன், தப்பு என்று. கேட்க ஆளில்லை. இப்போது ரஜீவ் கடிதத்தோடு வந்து நிற்கிறார்.

"மத்த டிரைவருங்க டைமுக்குப் போறாங்கல்ல. இவரு மட்டும் ஏன் முடியல?" என்றார் ரஜீவ்.

"மத்தவங்க லகாட் ரோட்டுல பறக்குறாங்க. ஸ்கூல் முன்னால. புள்ளைங்க ரோட்டக் கடக்குற நேரம் அது. ஹைவேல கிடைக்காத நாலு நிமிஷத்த அங்கதான் புடிக்கிறாங்க. அர்ச்சுனன் அண்ணே அப்படி ஓட்ட மாட்டாரு."

"என்ன நாலு நிமிஷம்?"

"எழுபத்திரண்டுல எண்பது நிமிஷம்னா தூரம் தொண்ணூத்தாறு கிலோமீட்டர். அதத் தொண்ணூறுல ஓட்டுனா அறுபத்து நாலு நிமிஷம். நீங்க போட்டது அறுபது. அறுபது நிமிஷத்துல போகணும்னா தொண்ணூத்தாறுல போகணும். லிமிட்டர் விடாது. சட்டமும் விடாது."

"இருபத்தஞ்சு சதவீதம்னா இருபத்தஞ்சு சதவீதம்தானே, குமுதா. கூடுறது எவ்வளவோ, குறையிறதும் அவ்வளவுதான்."

படித்த மனுஷர், டிகிரியைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர். முட்டாள் இல்லை. ஆனால் இந்தக் குழியில் விழாதவர்கள் குறைவு, அதைச் சொல்லியாக வேண்டும். காதுக்கு அத்தனை நியாயமாகக் கேட்கும் கணக்கு அது.

"சரி பாஸ். வேகம் நூறு சதவீதம் கூடுச்சுன்னு வைங்க. ரெண்டு மடங்கு. அப்ப நேரம் நூறு சதவீதம் குறையுமா? பஸ் சிலிபின்ல கிளம்புற அதே நொடியில தஞ்சோங் மாலிம்ல நிக்குமா?"

அவர் ஜன்னல் வழியே சுண்ணாம்புக் குன்றைப் பார்த்தார்.

"பாதிதான் ஆகும்," என்றார் கடைசியில்.

"ஆங். நூறு கூடினா அம்பதுதான் குறையும். இருபத்தஞ்சு கூடினா இருபதுதான் குறையும். அஞ்சுல நாலு பங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான்."

புரிந்துவிட்டது அவருக்கு. முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"நான் வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப போயி கணக்குத் தப்புன்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்? டிரைவர மாத்துனா கேள்வி நின்னுரும். நீ கையெழுத்துப் போடு."

கணக்குத் தெரியாமல் செய்தால் தவறு. தெரிந்த பிறகும் ஒரு மனுஷனின் சோற்றில் கை வைத்தால் அதற்குப் பெயர் வேறு. நான் பேனாவை அவர் பக்கமே தள்ளினேன். "மாட்டேன் பாஸ். நாளைக்கு நீங்களே பஸ்ஸுல வாங்க. பாத்துட்டு அப்புறம் தூக்குங்க."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். பின்னால் நாற்பது பேர். லகாட்டில் பள்ளி முன்னால் அர்ச்சுனன் அண்ணன் நின்று, கடைசிப் பிள்ளை கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார். பின்னால் தொழிலாளி புஷ்பலதா அக்கா சத்தம் போட்டாள். "அண்ணே, இன்னிக்கும் லேட்டா? சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குறது நாங்கதான்!" ஒரு மாதமாக அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். கழுத்து சிவக்க வண்டியை மறுபடி எடுத்தார்.

சிம்பாங் பூலாய் டோலைத் தாண்டியதும் வேகமானி தொண்ணூறுக்கு ஏறி அங்கேயே நின்றது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க," என்றார் ரஜீவ்.

"அடி வரைக்கும் அழுத்திட்டேன் பாஸ். நீங்களே பாருங்க."

ரஜீவ் குனிந்து பார்த்தார். மிதி தரையோடு ஒட்டியிருந்தது. முள் அசையவில்லை. பீடோர் போனது, சிலிம் ரிவர் போனது, எண்ணெய்ப்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. அவர் கைக்கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சோங் மாலிம் டோலில் இறங்கும்போது சரியாக அறுபத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

தொழிற்சாலை வாசலில் பஞ்சலிங்கம் ஐயா நின்றார். அந்தப் பக்கத்துப் போக்குவரத்துப் பொறுப்பு அவருடையது. "திரும்பவும் நாலு நிமிஷம். ரஜீவ், இந்த டிரைவர இன்னும் மாத்தலயா?"

ரஜீவ் தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் ஐயா, நானே நேர்ல..."

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அர்ச்சுனன் அண்ணனுக்கும் தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் பஸ் படியில் ஏறி நின்று, உள்ளேயும் வெளியேயும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"ஐயா, டிரைவர் மேல தப்பில்ல. அட்டவணைதான் தப்பு. உங்களுக்கு இருபது நிமிஷம் மிச்சம்னு சொன்னோம், உண்மையில பதினாறுதான். எந்த டிரைவரப் போட்டாலும் அந்த நாலு நிமிஷம் வராது. வந்தா அது ஸ்கூல் புள்ளைங்க உயிர்லேர்ந்து வந்தது. எல்லாரும் கேட்டுக்குங்க! நாளையிலேர்ந்து பஸ் ஏழு பதினாறுக்குக் கிளம்பும். ஓட்டப்போறது அர்ச்சுனன் அண்ணேதான்."

புஷ்பலதா அக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். டிரைவர் சீட் அருகே நின்றாள்.

"ஒரு மாசமா உங்கள வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் அண்ணே," என்றாள். குரல் உடைந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "நாங்க ஏழு பதினஞ்சுக்கே வந்து நிக்கிறோம்லா!" என்றாள். பின்னாலிருந்து நாற்பது பேரும் ஆமாம் போட்டார்கள்.

பஞ்சலிங்கம் ஐயா தோளைக் குலுக்கினார். "ஆளுங்க ஒன்பதுக்குள்ள உள்ள வந்தா எனக்குப் போதும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரஜீவ் பல்லைக் கடித்துக்கொண்டு என்னருகே வந்தார். "நான் இன்னும் ஒத்துக்கல, குமுதா."

"உங்கள யாரும் கேக்கல பாஸ்," என்றேன். "ஏறுங்க, ஈப்போவுக்குத் திரும்பணும். அண்ணே, வண்டிய எடுங்க."