மூன்றாம் நம்பர் அறையின் பச்சை விளக்கு

மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வரி தனி, காலை இட்லி சேர்த்தி. கேசவன் நிர்ணயித்த விலை இது. தூக்கத்துக்கு அடக்கவிலை என்று ஒன்று கிடையாது என்பதால் லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்க முடியாது. அவன் குடும்பம் மூன்று தலைமுறையாக மதுராந்தகத்தில் அரிசி மண்டி வைத்திருந்தது. கேசவன் மட்டும் கடற்கரைக்கு வந்து, ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை வாங்கி, மூட்டைக்குப் பதில் கட்டிலை வாடகைக்கு விட ஆரம்பித்தான். மண்டிக் குணம் கூடவே வந்தது. எந்த ஆளைப் பார்த்தாலும், இவன் எடைக்கல்லுக்கு அடியில் எதை ஒட்டியிருக்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பான்.

இந்த ஐப்பசியில் அவன் சந்தேகம் மொத்தமும் மூன்றாம் நம்பர் அறையின் ஏ.சி. மேல் குவிந்திருந்தது. காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் திடீரென்று குளிர் நின்றுபோகும். சுவரில் இருக்கிற யூனிட்டின் பச்சை விளக்கு கண்ணடிக்க ஆரம்பிக்கும். கேசவன் ஓடிப்போய், மெஷின் எரிந்துவிடப் போகிறதே என்று பிரேக்கரை இறக்கிவிடுவான். பிறகு செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் ரஞ்சித்குமார் பைக்கில் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அவன் போட்டுப் பார்த்தால் ஏ.சி. பச்சைப்பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடும்.

"இன்னா சார், நல்லாத்தான் ஓடிக்கினு கீது," என்றான் ரஞ்சித்குமார், மூன்றாவது தடவை வந்தபோது. "கேஸ் பிரஷர் கரெக்டா கீது. லைட்டு எத்தினி வாட்டி மினுக்குச்சு, அத்த பாத்தீங்களா?"

"அத நான் எண்ணணுமா? அப்ப நீ எதுக்கு?"

"எண்ணி சொன்னாத்தான் சார் இன்னா கோளாறுன்னு தெரியும். நீங்க பிரேக்கர எறக்கிட்றீங்கோ, எரர் கோடு பூடுது. எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? போர்டா இருந்தாலும் இருக்கலாம்."

போர்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏ.சி.க்குள் இருக்கும் அந்த விலையுயர்ந்த சர்க்யூட்டைத் தலையில் கட்டத்தான் இத்தனை நாடகம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அவன் இருக்கும்போது ஓடுகிறது, அவன் போனால் மறுநாள் நிற்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"வேலையே செய்யாம விசிட் சார்ஜா? போர்டு மாத்துற அன்னிக்கு சேத்து வாங்கிக்க," என்று அனுப்பிவிட்டான். ஏற்கெனவே இரண்டு தடவையும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

"உங்குளாண்ட பேசறது பேஜாரு சார்," என்று ரஞ்சித்குமார் பைக்கை உதைத்தான்.

மறுநாள் காலை கேசவன் ஒரு காரியம் செய்தான். மண்டியில் மூட்டையின் வாயைத் தைத்து சீல் வைப்பது வழக்கம். நடுவழியில் எவன் கை வைத்தாலும் தெரிந்துவிடும். அதே மாதிரி சுவர் யூனிட்டின் திருகாணிகள் மேல் ஒரு டேப்பை ஒட்டிக் கையெழுத்துப் போட்டான். மூச்சு வாங்க மொட்டைமாடிக்கு ஏறி, அங்கே தரையில் ஸ்டாண்டு போட்டு வைத்திருந்த மூன்றாம் நம்பரின் அவுட்டோர் யூனிட்டுக்கும் ஒரு டேப். மற்ற நான்கு அறைகளின் யூனிட்டுகள் எட்டாத உயரத்தில் சுவரில் தொங்கின. அவற்றுக்குக் கோளாறும் வரவில்லை, டேப்பும் தேவைப்படவில்லை. அன்று மத்தியானமும் பச்சை விளக்கு கண்ணடித்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது டேப்பும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. கேசவனுக்கு நிம்மதி வரவில்லை. ரஞ்சித்குமார் தான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன் என்று மட்டும் தெரிந்துகொண்டான். எதிர் லாட்ஜ் நரசிம்மன் அவனுக்கு ஏதாவது கொடுத்து வைத்திருப்பானோ என்ற யோசனையும் கூடச் சேர்ந்துகொண்டது.

வேறு சமயமாக இருந்தால் அந்த அறையைப் பூட்டிவிட்டு நிதானமாகச் சந்தேகப்பட்டிருப்பான். ஆனால் அடுத்த நாள் பிரதீபா வருவதாக இருந்தாள். படூரில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் நிர்வாக அதிகாரி. பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்க அறுபது நாளைக்கு ஐந்து அறையும் வேண்டும், அதற்கு முன் ஒருநாள் தானே தங்கிப் பார்க்க வேண்டும் என்றிருந்தாள். மழைக்காலத்தில் அறுபது நாள் ஐந்து அறையும் நிரம்புவது என்பது கேசவன் கண்டிராத அதிசயம். அந்த நிறுவனத்தில் கேட்டிருந்ததே ஒன்றுதான்: ஏ.சி. தகராறு பண்ணக்கூடாது. நல்ல அறையாகக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் மற்ற நான்கிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருந்தது.

பதினோரு மணிக்கு பிரதீபா வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் சின்னத் தெர்மாமீட்டர். அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்ததுமே கேசவனுக்குப் புரிந்துவிட்டது, இவள் விலை குறைக்கத்தான் வந்திருக்கிறாள்.

ஒரு மணிக்குள் ரிசப்ஷன் போன் அடித்தது.

"சார், ஏ.சி. கூலிங் நின்னுபோச்சு. லைட்டு பிளிங்க் ஆவுது."

கேசவன் மேலே ஓடினான். நேராக பிரேக்கர் பெட்டிக்குக் கையை நீட்டியவனை அவள் நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. அத அணைச்சிட்டா என்னன்னு எப்பிடித் தெரியும்?" அவள் செல்போனில் விளக்கை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு தடவ மினுக்குது, கொஞ்சம் நிக்குது, மறுபடி அஞ்சு. புத்தகம் இருக்கா?"

"எந்தப் புத்தகம்?"

"ஏ.சி. வாங்கும்போது குடுப்பாங்களே."

அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. வாங்கிய பொருளோடு இலவசமாக வரும் எதையும் கேசவன் நம்புவதில்லை. எடுத்துக் கொடுக்கும்போதே கேட்டான்: "மேடம், ரிமோட்டுல நீங்க ஏதும் அமுக்கிடலியே?"

பிரதீபா அவனை ஒரு கணம் பார்த்தாள். "இருபத்தஞ்சு வச்சேன். அது குத்தமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நானும் சும்மா கேக்கறேன். கரண்ட் பில்லு கம்மியாகணும்னு நீங்க ஏதும் ஆஃப் பண்ற மாதிரி செஞ்சு வைக்கலியே?"

அவள் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்தாள். "பாருங்க. இந்த மாடலுக்கு அஞ்சுன்னா அவுட்டோர் சூடாயிட்டு தானே நின்னுருக்கு. வேற கம்பெனின்னா அஞ்சுக்கு வேற அர்த்தம் இருக்கும், அதனாலதான் புத்தகம் கேட்டேன். எங்க வீட்டுலயும் ஒருநா இப்பிடித்தான் ஆச்சு. சர்வீஸ்காரர கூப்புடறதுக்கு முன்னாடி நாம பாக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவள் ரிமோட்டில் அணைத்து, பிரேக்கரையும் இறக்கினாள். சுவர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி ஃபில்டர்களை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதற்குத் திருகாணி எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. கேசவனின் கையெழுத்து அதன்பாட்டுக்கு இருந்தது.

"ஃபில்டர் சுத்தமா இருக்கு. யாரு கழுவறது?"

"சம்பூர்ணம். ரூம் பாத்துக்கிற அம்மா."

"நல்ல வேல பாக்கறாங்க." ஸ்டெபிலைசர் முகப்பை அணைப்பதற்கு முன்பே பார்த்திருந்தாள், இருநூற்று இருபது வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டிக்கொண்டிருந்தது, அதில் குறை இல்லை. "இனி வெளிய இருக்கறதப் பாக்கணும். அதச் சுத்தி காத்து போயிட்டு வர எடம் இருக்கான்னு. உள்ள பிரிக்கற வேலையெல்லாம் நமக்கு வேணாம். எரியற வாசன வந்தாலும், பிரேக்கர் தானா விழுந்தாலும் தொடாம மெக்கானிக்கத்தான் கூப்புடணும். அவுட்டோர் எங்க சார்?"

"மாடில. காலைலதான் பாத்தேன், சுத்தி ஒண்ணுமே இல்ல. சீல் வச்சிருக்கேன் மேடம்."

"சீலா?"

கேசவன் படியேறினான்.

மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கூடாரம் இருந்தது. இரண்டு படுக்கை விரிப்புகள் காற்று வரும் முன்பக்கத்தை மூடித் தொங்கின. கடல்காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் நுனிகள் ஸ்டாண்டோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. பின்பக்கம் நான்கு துண்டுகள். மேலே தலையணை உறைகள், ஒவ்வொன்றின் மீதும் ஒரு செங்கல். பக்கத்தில் ஸ்டூல் போட்டு சம்பூர்ணம் உட்கார்ந்து, காய்ந்ததை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மொதலாளி, இந்தப் பக்கம்?" என்றாள். "நில்லுங்க, காத்து நின்னுபூச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் வரும்."

"இன்னா பண்ணி வச்சிருக்கே நீ?"

"துணி காயப்போட்டுக்கினு கீறேன். மழ, வெயிலே இல்ல. இந்தப் பொட்டியாண்ட சூடா காத்து வருது, ஒரு மணி நேரத்துல அப்பளமா ஆயிடுது."

"யாரு சொன்னது இங்க போடச் சொல்லி?"

சம்பூர்ணம் துண்டை மடித்து மடியில் வைத்தாள். "லாண்டரிக்காரன நிறுத்தினது நீங்க. ட்ரையர் மிசினு முப்பத்திரெண்டாயிரம்னு கடக்காரன் சொன்னதுக்கு, காத்து சும்மாதான வருது, அதுக்கா டப்பு குடுப்பாங்கன்னு சொன்னதும் நீங்க. நான் சும்மா வர்ற காத்தத் தேடிக் கண்டுபுடிச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் எல்லாத்தயும் கழட்டிடறேனே."

நாலு மணிக்குக் கழற்றினால், அதற்குப் பிறகு வரும் ரஞ்சித்குமார் எதைப் பார்த்திருப்பான் என்று கேசவன் நினைத்துப் பார்த்தான். பிறகு, கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டான்: "மூணாம் நம்பர் காலியா இருந்த நாள்ல?"

"நானே போய் ஏ.சி. போட்டுக்குவேன்."

பிரதீபா வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

விரிப்புகளை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. யூனிட்டின் முதுகில் நூலும் பஞ்சும் உப்பும் படிந்திருந்தன. சூடு தணியட்டும் என்று மூன்று பேரும் டீ குடித்துவிட்டு, பிரேக்கரைத் தூக்கி ஏ.சி.யைப் போட்டார்கள். பிரதீபாவின் தெர்மாமீட்டர் மெல்ல மெல்ல இறங்கி இருபத்தைந்தில் நின்றது. அவள் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டவில்லை.

"ரூம் எடுத்துக்கறோம் சார்," என்றாள் ரிசப்ஷனில். "ஆனா ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபா கொறச்சுக்கங்க."

"எதுக்கு மேடம்? ஏ.சி.தான் சரியாயிடுச்சே."

"ஏ.சி. சரி. ஓனர்தான் இன்னும் சரியாகல, அதுக்குத்தான் அந்த நூறு. அப்புறம், அந்த அவுட்டோர் பின்னாடி அழுக்க மெக்கானிக்க வச்சுக் கழுவிடணும். நாங்க வர்றதுக்கு முன்னாடி."

பேரம் என்றால் கேசவனுக்கு நாக்கில் ஆயிரம் பதில் ஊறும். அன்று அந்த நூறை விட்டுக்கொடுத்தான். தலையை ஆட்டிவிட்டு ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்; எல்லாவற்றையும் இல்லை, தேவையான அளவுக்கு.

"இது இன்னா புது டிராமா சார்?" என்றான் ரஞ்சித்குமார். "மூணு விசிட்டு, ஆயிரத்து ஐநூறு. கழுவறதுக்கு ஐநூறு. ரெண்டாயிரம் போன்ல போட்டு வுடுங்க, வந்துச்சுன்னா வண்டிய எடுக்கறேன்."

"வந்தப்புறம் குடுத்தா நம்ப மாட்டியா?"

"நீங்க என்னிய நம்புனீங்களா?"

கேசவன் அனுப்பினான். பிறகு மண்டிப் பழக்கத்தில் மனசுக்குள் கணக்கை ஓட்டினான். ட்ரையர் வாங்காததில் மிச்சம் முப்பத்திரண்டாயிரம். பிரதீபாவுக்குக் குறைத்தது, ஐந்து அறைக்கு அறுபது நாள், முப்பதாயிரம். ரஞ்சித்குமாருக்கு இரண்டாயிரம். வரவும் செலவும் நேர். பரவாயில்லை, கையைக் கடிக்கவில்லை என்று அவன் மூச்சு விடும்போது, சம்பூர்ணம் ஈர விரிப்புகளை ஒரு பக்கெட்டில் சுமந்துகொண்டு வந்து அவன் எதிரில் வைத்தாள்.

"மொதலாளி, இதுங்கள இப்ப எங்க காயப்போடறது?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கேசவன் கணக்கைத் திருத்தினான்: ட்ரையர், முப்பத்திரண்டாயிரம். பற்று.