எட்டாம் சாட்சியின் சுருக்கம்

அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர் வேதாச்சலம். ஆந்திரத்துக்கும் சென்னைக்கும் எல்லை பிரிக்கும் விசாரணைக்காகச் சித்தூரில் ஒரு தற்காலிக அலுவலகம் திறந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஊர் ஊராகப் போய் அங்குள்ள பங்களாவில் கேட்க, கிராமத்தார் சொல்வதை ஒரு குமாஸ்தா வார்த்தைக்கு வார்த்தை எழுதுவார். இளைய குமாஸ்தா திருவேங்கடம் அதைச் சுருக்குவான். சுருக்கம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேதாச்சலம்.

அவர் பார்க்கும் விதமே தனி. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே, அது மூலத்தில் எந்தப் பக்கம், எந்த வரி என்று சிவப்புப் பென்சிலால் குறிப்பார். பிறகு மூலத்தைத் தொடக்கத்திலிருந்து படித்து, முக்கியமானது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுவார். இரண்டு முறையும் தப்பித்து வருவது திருவேங்கடத்துக்குப் பெரும்பாடு.

அன்றைக்கு ஒரு வாக்கியத்தில் பென்சில் நின்றுவிட்டது. "ஏழாம் சாட்சி எத்திராஜ், ஊர் சென்னை ராஜ்யத்தில் சேர வேண்டுமென்றார். எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள சாட்சிகள் அதை மகிழ்ச்சியுடன் ஆமோதித்தனர்."

எத்திராஜ் ஊர் மணியக்காரர். எட்டாமவள் பொன்னியம்மா, அவர் கழனியில் கூலி வேலை செய்பவள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் சொன்னது இருந்தது:

"பொறம்போக்கு நெலத்துக்கு நாங்க குடுத்த மனு சித்தூர்ல கெடக்குது சாமி. ஊரு அந்தாண்ட மெட்ராஸ் பக்கம் போயிட்டா அந்தக் காயிதம் குப்பைக்குப் போயிடும். பட்டா வர்ற வரிக்கும் இங்கியே இருக்கட்டும். மணியக்காரரு சொல்றதையே சொல்லணும்னாங்கோ. இல்லாட்டி கேணித் தண்ணி கெடையாதாம்."

கீழே அவள் கைரேகை.

"ஆமோதித்தாளா? அதுவும் மகிழ்ச்சியுடனா? எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு" என்றார் வேதாச்சலம்.

திருவேங்கடம் தலையைச் சொறிந்தான். "மகிழ்ச்சிய எடுத்துடறேன் சார். ஆனா மத்தத அப்படியே வுட்டுடுங்க. பங்களாவுல கதவச் சாத்திக்கினு தனியா கேட்டதால அந்தம்மா வாயத் தெறந்துச்சு. சுருக்கத்த ஊரக் கூட்டி வாசிக்கணும்னு தொர உத்தரவு. எத்திராஜ் முன்னால குந்திக்கினு கேப்பாரே!"

"அவள் பேரையா வாசிக்கப் போகிறோம்? எட்டாம் சாட்சி என்றுதானே இருக்கும்? சொல்லாததைச் சேர்த்து, சொன்னதை விழுங்கினால் அதற்குப் பெயர் சுருக்கமா?"

அதிகாரியிடம் போய், இந்த ஒன்றை மட்டும் ஊர் நடுவே வாசிக்க வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. தப்பைப் பிடித்துவிட்ட குஷியில் மனுஷருக்கு வேறெதுவும் தோன்றாது. சுருக்கம் மாறியது. எட்டாம் சாட்சி, மனு, மிரட்டல், கேணி எல்லாம் பக்க எண்ணோடு ஏறின.

நான்காம் நாள் ஊர்ச் சாவடியில் திருவேங்கடம் வாசித்தான். "எட்டாம் சாட்சி" என்றதுமே கூட்டம் முழுக்கத் திரும்பிப் பொன்னியம்மாவைப் பார்த்தது. விசாரணையன்று பங்களா வாசலில் வரிசையில் நின்றவர்கள்தானே அத்தனை பேரும்! யாருக்குப் பின்னால் யார் போனார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். கோப்போடு நின்ற வேதாச்சலம் அவசரமாக அதை மூடினார். ஆயுசெல்லாம் காகிதத்தைப் பார்த்தவருக்கு வரிசை கண்ணில் படவே இல்லை.

எத்திராஜ் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம்மா, நீயா சொன்ன? தைரியமா சொல்லு" என்றார்.

அதிகாரியும் கேட்டார். பொன்னியம்மா ஓரத்திலிருந்து எழுந்து வந்தாள். மூலத்தைக் காட்டினார்கள்.

"ரேகை என்னுதுதான் சாமி. பேச்சு என்னுது இல்ல. மணியக்காரரு சொன்னதுதான் நானும் சொன்னேன்."

அப்போது அவள் வேதாச்சலத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

முறைப்படி மூலத்திலேயே திருத்தம் எழுதப்பட்டது. அதன் கீழே புதிதாக ஒரு ரேகை விழுந்தது.

திரும்பும்போது ஜீப் எத்திராஜின் கழனி ஓரமாகப் போனது. கேணிக்கு எட்டவே பொன்னியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த ஆள் அவள் பக்கமே திரும்பவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுத்துச் சொன்னதும் அவளைக் காப்பாற்றவில்லை.

"வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார் வேதாச்சலம்.

"நிறுத்தி என்னா சார் சொல்லப் போறீங்க?" என்றான் திருவேங்கடம்.

மறுநாள் புதுச் சுருக்கம் மேஜைக்கு வந்தது. "எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள சாட்சிகள் ஆமோதித்தனர்." மகிழ்ச்சி இல்லை. வேதாச்சலம் பென்சிலை எடுத்துப் பக்கம் தேடினார். நாற்பத்தொன்று, திருத்தம், வரி இரண்டு. சேர்த்தது ஒன்றுமில்லை, விட்டதும் ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒரு எழுத்தாவது கிடைக்காதா என்று மூன்று தடவை படித்தார். கிடைக்கவில்லை.

"ஒப்பிட்டது, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.