பத்தொன்பது சிவப்புக் கோடுகள்

மகளின் ஜெர்மன் கட்டுரையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தவர் அப்பாதான். முப்பது வருட டைப்பிஸ்ட். ஒரு கமா விஷயத்தில் மேனேஜரையே ஒரு கை பார்த்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு மகளோடு வந்தவர், அந்தத் தாளில் பத்தொன்பது சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"நான் அடிச்ச பேப்பர்ல தப்பா, டீச்சர்?"

ஜெர்மன் டீச்சர் அதே கட்டுரையை மகள் கையால் எழுதியிருந்த நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் ஒரே ஒரு தப்புதான்.

"ஜெர்மன்ல பெயர்ச்சொல் எங்க வந்தாலும் முதல் எழுத்து பெருசாத்தான் இருக்கணும், சார். வாசல்கதவுச் சாவிங்கறதைச் சேர்த்து ஒரே வார்த்தையாத்தான் எழுதணும். உங்க பொண்ணு அப்படித்தான் எழுதியிருக்கா."

அப்பா தாளையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். வாக்கியத்தின் நடுவே நின்ற பெரிய எழுத்துகளைத் தேடித்தேடிச் சின்னதாக்கியதும், 'பிள்ளை அவசரத்தில் இடம் விட மறந்துவிட்டாள்' என்று அந்தச் சாவியை மூன்று துண்டாக்கியதும் அவரேதான்.

"ஏம்மா, குடுக்கறதுக்கு முன்னாடி நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்ப்பா. 'உன் தப்பெல்லாம் சரி பண்ணிட்டேன்'னு அவ்வளவு சந்தோஷமா நீட்டுனீங்க. எப்படிச் சொல்றது?"

"மார்க்கை நோட்டுக்கே போட்டுடறேன்," என்று டீச்சர் சிரித்தார்.

அப்பா அவரிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார். டைப் அடித்த தாளின் தலைப்பில் இருந்த மகளின் பெயரை அடித்துவிட்டு, முதல் எழுத்தை நன்றாகப் பெரிதாகப் போட்டுத் தன் பெயரை எழுதினார்.

"இதுக்கு எத்தனை மார்க், டீச்சர்?"