மறைவுப் பக்கத்தில் ஒரு லிங்க்

நோயாளிக் கட்டில் வாடகைக்கு விடுகிற மலரின் வெப்சைட் 2005 ஆகஸ்டில் பிறந்தது. பிறந்ததைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. 'பெங்களூர், ஆஸ்பத்திரி கட்டில், வாடகை' என்று தேடினால் டெல்லி, புனே கடைகளெல்லாம் வரிசையாக வரும். ஜீவனஹள்ளி சந்துக்குள் ஷெட்டில் கட்டிலும் வீல்சேரும் அடுக்கி வைத்திருக்கும் மலர் மட்டும் வரமாட்டாள்.

"சைட் இருந்தா போதாதுக்கா. மத்த சைட்டுங்க உன்னுதுக்கு லிங்க் கொடுக்கணும். நாலு பேர் வழி காட்டுனாதான் தேடுற மெஷின் உன்ன மதிக்கும்" என்றான் தம்பி விஜய்குமார். சைட்டை உருவாக்கியவன் அவன்தான்.

"அப்ப அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவளுக்கு அவசரம் இருந்தது. ஷெட் கணவனின் அண்ணன் சுந்தரமூர்த்தியுடையது. கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன், வியாபாரம் ஓடவில்லையென்றால் காலி பண்ணு, வெல்டிங் பட்டறைக்காரன் கேட்கிறான் என்று சொல்லிவிட்டார். நர்சிங் ஹோம் வேலையை விட்டுவிட்டு, இருந்த நகையெல்லாம் கட்டிலாக மாறி நிற்கும்போது எங்கே காலி பண்ணுவது?

எனவே லிங்க் கேட்டு அலைந்தாள். ஆட்களே படித்துப் பார்த்துச் சேர்க்கும் பெரிய டைரக்டரி ஒன்றில் விஜய்குமார் பதிந்தான். கிணற்றில் போட்ட கல். மறுபடி பதியச் சொன்னால், அப்படிச் செய்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம் என்று அவனே தடுத்தான். உள்ளூர் டைரக்டரிக்காரர்கள் உடனே பதில் போட்டார்கள்: முதலில் உங்கள் பக்கத்தில் எங்கள் லிங்கைப் போடுங்கள், பிறகு நாங்கள் போடுகிறோம். இவன் எல்லாருக்கும் போட்டுத் தொலைத்தான். ஒரு நாள் மலர் திறந்து பார்த்தால், கட்டில் படத்துக்குக் கீழே ரிங்டோன், சூதாட்டம், எடை குறைக்கும் மாத்திரை என்று சந்தைக்கடையாக இருந்தது.

"சாகக் கெடக்கிறவங்களுக்குக் கட்டில் தேடி வர்றவன் சீட்டாடவா போறான்? எடுடா எல்லாத்தையும்."

எடுத்தான். அவர்களும் எடுத்துவிட்டார்கள். பழைய வேலையிடத்தில் கேட்டதற்கு, நாங்களே வாடகைக்கு விடுகிறோமே என்று சிரித்தார்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்று பெரிய மனது பண்ணி அவளுடைய விசிட்டிங் கார்டை ஸ்கேன் பண்ணி, படமாகப் போட்டது. அழுத்தினால் எங்கும் போகாது. தேடுகிற மெஷினுக்கும் அது வெறும் படம்தான். அழுத்தி அழுத்தி மலருக்கு விரல்தான் வலித்தது.

மிச்சமிருந்தது தங்கவயல் மக்கள் சங்கம். மலர் கோலார் தங்கவயலில் மாரிகுப்பத்தில் பிறந்தவள். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர்களும், ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டவர்களும் ஊர்ச் சேதி பார்ப்பது அந்தச் சங்கத்தின் சைட்டில்தான். லிங்கராஜபுரத்தில், ஹார்டுவேர் கடை மாடியில் ஆபீஸ். சைட்டைப் பார்த்துக்கொள்பவர் செயலாளர் ஓஸ்வால்ட். ரிட்டயரான சுரங்க எலெக்ட்ரீஷியன்.

"நம்ம ஊருப் பொண்ணு, செய்யாம இருப்பமா? 'நம்மவர் தொழில்கள்'னு ஒரு பக்கம் இருக்கு. கமிட்டி ஓகே பண்ணணும், அவ்ளோதான்" என்றார்.

அந்தப் பக்கத்தில் 'விரைவில்' என்ற ஒரே சொல் இருந்தது. கமிட்டி கூடினால் தலைவர் வரவில்லை. தலைவர் வந்தால் கமிட்டி கூடவில்லை. மலர் போகும்போதெல்லாம் ஓஸ்வால்ட் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார், டீ வரவழைப்பார், அடுத்த மீட்டிங் என்பார். முடியாது என்று சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நவம்பரில் ஒரு மத்தியானம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தாள். 'விரைவில்' அப்படியே இருந்தது. எரிச்சலோடு மற்ற பக்கங்களைத் திறந்தாள். மறைவு அறிவிப்புகள். வரிசையாக மாலை போட்ட படங்கள், அடக்கம் எங்கே, காரியம் என்றைக்கு. எல்லாவற்றுக்கும் மேலே: 'நோயாளிக் கட்டில், வீல்சேர் வாடகைக்கு. மலர், ஜீவனஹள்ளி.' அழுத்தினால் நேராக அவள் சைட்டுக்குப் போயிற்று.

மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனிலேயே பிடித்தாள்.

"அங்கிள், நான் கட்டில் வாடகைக்கு விடுறேன், பாடை இல்ல. எந்த நோயாளி வீட்டுக்காரன் சாவுப் பக்கத்துல இருக்கிற கடைக்கு வருவான்? எடுங்க முதல்ல."

"இல்லம்மா, நான் என்ன நெனச்சேன்னா..."

"நீங்க ஒண்ணும் நெனைக்க வேணாம்."

அதோடு விடவில்லை. தலைவருக்கும் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். இத்தனை மாதம் நகராத சங்கம் அன்று சாயங்காலமே நகர்ந்தது. லிங்க் போயிற்று.

மறுநாள் காலை ஆஸ்திரேலியா பெர்த்திலிருந்து போன். "நான் சுனில், தங்கவயல் உரிகம் லூர்துமேரி பையன். அம்மா பெங்களூர் காக்ஸ் டவுன்ல தனியா இருக்காங்க, எழுந்து உக்கார முடியல. நம்ம சங்கத்துப் பக்கத்துல உங்க கடை பாத்தேன். இன்னிக்குத் தேடுனா காணோம். நல்ல வேளை நம்பர் குறிச்சு வெச்சிருந்தேன்."

"எந்தப் பக்கத்துலங்க?"

"மறைவுப் பக்கந்தான். வெளிநாட்டுல இருக்கிறவங்க அதத்தானே டெய்லி பாப்போம். பாக்கும்போது நம்ம வீட்டுல இருக்கிற வயசானவங்க ஞாபகம் வந்துருது."

மலர் உடனே விஜய்குமாரைப் பிடித்து, சைட்டுக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கைப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். சில வாரமாக வந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அங்கிருந்துதான் வந்திருந்தார்கள்.

"இத முதல்லயே பாக்கிறதுக்கென்னடா?"

லூர்துமேரி வீட்டில் கட்டிலைப் பூட்டி, கைப்பிடி சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்திக் காட்டியபோது அந்தம்மா ஜன்னலைப் பார்த்து, "எதிர்வீட்டுக் கோழி தெரியுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு மலர் நேராக லிங்கராஜபுரம் போனாள்.

"அங்கிள், அந்த லிங்க் திரும்ப வேணும். போட்ட எடத்துலயே."

ஓஸ்வால்ட் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "மத்த பக்கத்துல ஒரு புள்ளி வெக்கணும்னாலும் கமிட்டி கேக்கணும்மா. சாவுக்கு மட்டும் கமிட்டி இல்ல, அது காத்திருக்காது பாரு. அதனால அந்தப் பக்கம் மட்டும் என் கையில. உனக்கு அவசரம்னுதான் அங்க போட்டேன். இப்ப தலைவர் ரூல் போட்டுட்டாரு. விளம்பரம் கூடாது, குடும்பத்துக்காரங்க எழுதிக் கொடுத்தது மட்டுந்தான்."

மலரால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தனக்கு உண்மையாக உதவிய ஒரே ஆளை அல்லவா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் டீ வரவழைத்தார்.

அதன் பிறகு போன் வரவில்லை. சுந்தரமூர்த்தி வெல்டிங்காரனை அழைத்து வந்து ஷெட்டை அளந்து காட்டினார். மலர் காக்ஸ் டவுன் பக்கம் போகும்போதெல்லாம் லூர்துமேரியை எட்டிப் பார்ப்பாள். கோழி குஞ்சு பொரித்த கதையெல்லாம் அந்தம்மா சொல்வார். ஷெட் போகப்போவதை இவள் சொன்னதில்லை. அந்தம்மா எப்படியோ கேட்டு மகனிடம் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓஸ்வால்ட் கூப்பிட்டார். "உன் லிங்க் ஏறிடுச்சும்மா. இனிமே யாரும் எடுக்க முடியாது. குடும்பம் எழுதினது."

எந்தக் குடும்பம் என்று கேட்காமலே மலர் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். மறைவுப் பக்கத்தில் முதல் படம் லூர்துமேரி. கீழே சுனில் எழுதியிருந்தான்: 'எங்கள் அம்மா கடைசி நாட்களில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கட்டிலைக் கொடுத்த மலர் அக்காவுக்கு எங்கள் நன்றி.' அவள் பெயருக்குக் கீழே லிங்க் கோடு இருந்தது. அழுத்தினாள். அவளுடைய கட்டில்கள் திறந்தன.

யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு இந்த முறை ஆளில்லை.

பைக்குள் போன் அடித்தது. கனடா நம்பர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"தங்கவயல் சங்கத்துப் பக்கத்துல பாத்தேன்" என்றது ஒரு பெண் குரல். "எங்கப்பாவுக்கு ஒரு கட்டில் வேணும்."

"எந்தப் பக்கம் ஜன்னல் இருக்குங்க?" என்று கேட்டாள் மலர்.